கழன்று விழும் டவல் ராடு, விரிசல் விடும் டைல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாத்ரூம் டவல் ராடை எத்தனை முறை மாட்டினாலும் சில மாதத்தில் ஆடி ஆடிக் கழன்று விழுகிறது. ஏன்?

பெரும்பாலும் அது சுவரில் மாட்டப்படவே இல்லை என்பதுதான் காரணம். டைலில் மாட்டியிருப்பார்கள், அல்லது டைலுக்குப் பின்னால் இருக்கும் பூச்சில் மாட்டியிருப்பார்கள்.

பாத்ரூம் சுவரை வெட்டிப் பார்த்தால் பல அடுக்குகள் தெரியும். முகப்பில் டைல், அதைப் பிடித்திருக்கும் பசை அல்லது சிமெண்ட் கலவை, அதற்குப் பின்னால் பூச்சு, அதற்கும் பின்னால்தான் செங்கல் அல்லது கான்கிரீட். கனத்தைத் தாங்கக்கூடியது அந்தக் கடைசி அடுக்கு மட்டுமே. பூச்சு உதிரக்கூடியது. டைல் மெலிசு, கடினம், ஆனால் உடையக்கூடியது. ராடு பெட்டியில் இலவசமாகத் தரும், துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்கும் அதில் ஏறும் ஸ்க்ரூவும் பெரும்பாலும் 25 அல்லது 30 மி.மீ. நீளம்தான். டைல், பசை, பூச்சு மூன்றும் சேர்ந்தே அவ்வளவு கனம் வந்துவிடும். பிளக்கின் நுனி செங்கலைத் தொடுவதற்குள் அதன் நீளம் தீர்ந்துபோகிறது.

இதோடு நெம்புகோல் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராடு சுவரிலிருந்து சுமார் 70 மி.மீ. வெளியே நிற்கிறது. அதன் அடித்தட்டில் மேலும் கீழுமாக உள்ள இரண்டு ஸ்க்ரூக்களுக்கு நடுவே 30 மி.மீ. இடைவெளிதான் இருக்கிறது. ஈரத் துண்டை வெடுக்கென்று கீழே இழுக்கும்போது, நீங்கள் கொடுக்கும் விசை இரண்டு மடங்குக்கும் அதிகமாகி, மேலே உள்ள ஸ்க்ரூவை வெளியே பிடுங்கும் விசையாக மாறும். பூச்சு இதைத் தினமும் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக மாவாகி, துளை அகலமாகி, கடைசியில் பிளக்கோடு கையில் வந்துவிடும்.

டைல் விரிசல் விடுவதற்கும் பாதிக் காரணம் இதேதான். டைலுக்குள் உட்கார்ந்த பிளக், ஸ்க்ரூ ஏற ஏற விரிந்து டைலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. எனவே கீழே வரும் பதில்கள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: ஸ்க்ரூவும் பிளக்கும் டைலை முட்டாமல் கடந்துபோய், பின்னாலிருக்கும் சுவரைப் பிடிக்க வேண்டும்.

விழுந்ததைப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்ல முடியுமா?

முடியும். அதனால் விழுந்த உடனே எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள்.

ஸ்க்ரூ பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்து, பிளக்கின் மேல் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தால் அது பூச்சில்தான் இருந்திருக்கிறது. துளைக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பாருங்கள், 30 மி.மீ.க்கு அருகில் நின்றால் சந்தேகமே இல்லை. பிளக் சுவரிலேயே இருக்க ஸ்க்ரூ மட்டும் வந்திருந்தால், ஸ்க்ரூ அந்தப் பிளக்குக்கு மெலிசு, அல்லது அதன் நுனி பிளக்கின் கடைசி வரை போகவில்லை. பிளக் விரிவது அந்தக் கடைசிப் பகுதியில்தான். பிளக் துளைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தால், துளை பெரிதாகப் போடப்பட்டிருக்கிறது, அல்லது தூளைச் சுத்தம் செய்யாமல் பிளக்கைத் திணித்திருக்கிறார்கள்.

சுவரில் தட்டு கெட்டியாக இருக்க ராடு மட்டும் கழன்று வந்திருந்தால் டிரில் மெஷினே தேவையில்லை. தாங்கியின் அடிப்பக்கத்தில் பொடி அளவில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அலென் கீ போட்டு இறுக்குவது. அது தளர்ந்திருக்கும். இறுக்கினால் வேலை முடிந்தது. திரும்பத் திரும்பத் தளர்ந்தால், ஸ்க்ரூவின் மரையில், அது தளராமல் பிடிக்கும் த்ரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள்.

அப்படியானால் எவ்வளவு நீளமான ஸ்க்ரூ வாங்குவது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 60 செ.மீ. ராடு, இரண்டு தாங்கிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்க்ரூ. சுவர் செங்கல். டைல் 8 மி.மீ., பசை 5 மி.மீ., பூச்சு 15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆக, செங்கல் தொடங்குவது டைலின் முகத்திலிருந்து 28 மி.மீ. உள்ளே.

இங்கே 8 மி.மீ. கனமும் 60 மி.மீ. நீளமும் உள்ள பிளக்கை எடுக்கிறோம். டைல் 8 மி.மீ. என்பதால், பிளக்கின் வாய் டைலின் முகத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே இருக்கும்படி தள்ளிவிடுகிறோம். இப்போது பிளக்கின் வால் 70 மி.மீ. ஆழத்தில் இருக்கும். அதில் 42 மி.மீ. செங்கலுக்குள். பிடிப்பு வேண்டிய இடத்தில் வந்துவிட்டது, டைலுக்குள் பிளக் துளிக்கூட இல்லை.

ஸ்க்ரூ அந்த வாலைத் தாண்டி, தன் கனம் அளவுக்காவது வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். 5 மி.மீ. ஸ்க்ரூ என்றால் 70 + 5. தாங்கியின் தட்டு 2 மி.மீ. என்றால் மொத்தம் 77. கடையில் 80 மி.மீ. ஸ்க்ரூ கிடைக்கும், அதை எடுங்கள். துளையின் ஆழம் 85 மி.மீ. போதும், நுனிக்கும் தூளுக்கும் கொஞ்சம் இடம் விட்டாயிற்று. சுவர் ஒற்றைச் செங்கல் கனம்தான் என்றால், அதன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் வீட்டு அடுக்குகள் எவ்வளவு என்று தெரியாவிட்டால், டிரில்லிலிருந்து வரும் தூளைக் கவனியுங்கள். முதலில் டைலின் உடல் நிறத்தில் வெள்ளையாகவோ காவியாகவோ வரும். பிறகு சாம்பல். செங்கலைத் தொட்டதும் செம்மண் நிறம். நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, பிட் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்தால் போதும். கான்கிரீட் சுவரில் நிறம் அவ்வளவாக மாறாது. ஆனால் பிட் திடீரென்று மெதுவாகும், சத்தம் கெட்டிப்படும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவாகவே வாங்குங்கள். ஜிப்சம் போர்டுக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ பாத்ரூமில் சீக்கிரம் துருப்பிடித்து, தட்டைச் சுற்றிப் பழுப்பாக வடியும்.

டைலில் துளை போடும்போது எதனால் விரிசல் விழுகிறது?

முதல் குற்றவாளி ஹாமர் மோட். டிரில் சுற்றிக்கொண்டே குத்தவும் செய்யும் அமைப்பு அது. கான்கிரீட்டுக்கு அதுதான் தேவை, டைலுக்கு அதுதான் எமன். மெஷினைக் கையில் எடுத்ததும் அந்த சுத்தியல் படத்திலிருந்து குமிழைத் திருப்பிவிட்டுத்தான் மற்ற வேலை.

இரண்டாவது, பின்னால் வெற்றிடம் உள்ள டைல். ஒட்டும்போது பசை சில இடங்களில் பரவாமல் விட்டுப் போயிருக்கும். துளை போடப்போகும் இடத்தையும் அதைச் சுற்றியும் ஒரு நாணயத்தால் லேசாகத் தட்டுங்கள். ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. ‘டொப்’ என்று பொந்தாகக் கேட்டால் அந்த இடம் வேண்டாம், ராடை ஒரு சாண் தள்ளி மாட்டுங்கள். எத்தனை கவனமாகத் துளைத்தாலும், ஸ்க்ரூவை இறுக்கும்போது பொந்தின் மேல் உள்ள டைல் வளையப் பார்க்கும். டைலுக்கு வளையத் தெரியாது.

அப்புறம் ஓரம். டைலின் விளிம்பிலிருந்து ஒரு அங்குலமாவது உள்ளே தள்ளிப் போடுங்கள். மூலை இன்னும் மோசம்.

மழுங்கிய பிட்டும் ஒரு காரணம். அது வெட்டாது, தேய்க்கும், தேய்த்தால் சூடேறும். ஒரே புள்ளியில் சூடேறிய டைலில் மயிரிழை போலக் கோடு ஓடும். வெட்டவில்லையே என்று நாமும் உடம்பைச் சாய்த்து அழுத்துவோம், அதோடு கதை முடிந்தது.

கடைசியாக, துளையெல்லாம் அழகாகப் போட்டுவிட்டு ஸ்க்ரூவை இறுக்கும்போது விரிசல் விழுவது. இது டைலுக்குள் உட்கார்ந்த பிளக்கின் வேலை. பல பேர் டிரில்லைக் குறை சொல்வார்கள், ஆனால் அது விரிசல் விட்டது டிரில்லைப் பெட்டியில் வைத்த பிறகு.

எந்த பிட் வாங்குவது? கடையில் டைல்ஸ் பிட் என்று இரண்டு மூன்று வகை காட்டுகிறார்கள்.

உங்கள் டைல் எது என்பதைப் பொறுத்தது. சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைலின் மேல் பளபளப்பு கடினம், உள்ளுடல் மென்மை. ஈட்டி முனை போல இருக்கும் கார்பைடு பிட் இதற்குப் போதும். விட்ரிஃபைட் அல்லது போர்சலைன் டைல் உள்ளும் புறமும் ஒரே கடினம். அதில் ஈட்டி முனை பிட் சில நொடிகளில் கூர் இழந்து, பிறகு கீச்சிட்டுக்கொண்டே நிற்கும். அதற்கு டைமண்ட் கோர் பிட்தான் வேண்டும். நடுவில் பொள்ளலாக, குழாய்த் துண்டு போல இருக்கும். அதன் வாய் விளிம்பில் வைரத் துகள் பூசியிருப்பார்கள்.

எது என்று கண்டுபிடிக்க, வீடு கட்டியபோது மிஞ்சிய டைல் ஒன்று இருந்தால் அதன் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் செராமிக். உருண்டையாக அப்படியே நின்றால் விட்ரிஃபைட். மிஞ்சிய டைல் இல்லையென்றால் யோசிக்காமல் டைமண்ட் பிட்டையே வாங்கிவிடுங்கள். அது இரண்டிலும் வேலை செய்யும்.

மேலே சொன்ன கணக்குக்கு டைலில் 10 மி.மீ. டைமண்ட் பிட், பின்னாலிருக்கும் சுவரில் 8 மி.மீ. மேசன்ரி பிட். ஏன் டைலில் பெரிய துளை என்றால், சுவரைத் துளைக்கும்போது 8 மி.மீ. பிட் அதிர்ந்து ஆடும். டைலில் துளையும் 8 ஆக இருந்தால் அந்த அதிர்வு முழுவதும் டைலின் விளிம்பில் இடிக்கும். சுற்றிலும் ஒரு மி.மீ. இடைவெளி இருந்தால் பிட்டும் முட்டாது, பிளக்கும் தடையில்லாமல் உள்ளே போகும். துளை 10 மி.மீ. ஆனாலும் தாங்கியின் தட்டு மூடிவிடுகிறதா என்று மட்டும் வைத்துப் பாருங்கள்.

சரி, துளையை எப்படிப் போடுவது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

முதலில் தட்டைச் சுவரில் வைத்து இடத்தைக் குறியுங்கள். துளை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் பென்சிலால் குறித்தால் தெளிவாகத் தெரியும். டேப் விரிசலைத் தடுக்கும் என்று சொல்வார்கள், தடுக்காது. பிட் வழுக்குவதைக் கொஞ்சம் குறைக்கும், குறி அழியாமல் இருக்கும், அவ்வளவுதான். ராடின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் துளை போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கத்தை மாட்டிவிட்டு, ராடைச் செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்து மறு பக்கத்தைக் குறித்தால் ராடு சாயாது.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டைலின் மேல்பூச்சு தெறித்தால் அது கண்ணாடிச் சில்லுதான்.

டைமண்ட் பிட்டுக்கு நடுவில் கூர்முனை கிடையாது, நேராக வைத்தால் டைலின் மேல் வழுக்கி ஓடி ஒரு கீறல் வட்டம் போட்டுவிடும். அதனால் மெஷினை 45 பாகை சாய்த்து, பிட்டின் ஒரு ஓரம் மட்டும் குறியின் விளிம்பில் படும்படி மெதுவாக ஓடவிடுங்கள். சில நொடிகளில் பிறை வடிவத்தில் ஒரு சிறு பள்ளம் விழும். அது பிடி கொடுத்ததும், மெஷினை ஓடவிட்டபடியே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். பிறை வளர்ந்து முழு வட்டமாகும். சாய்த்துப் பிடிக்கக் கை வரவில்லை என்றால் வேறு வழி: ஒரு மெல்லிய பலகைத் துண்டில் 10 மி.மீ. துளை போட்டு, அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, அந்தத் துளை வழியாக பிட்டை விடுங்கள். அது வழுக்காது.

வட்டம் விழுந்த பிறகு பொறுமைதான் வேலை. மெஷினின் டிரிக்கரைப் பாதிதான் அழுத்துங்கள். வேகம் கூடினால் வைரம் சூடாகித் தேய்ந்துவிடும். கையின் அழுத்தம் மெஷின் விலகாமல் இருக்கும் அளவு போதும். தண்ணீர் கட்டாயம். ஆனால் மின்கம்பி உள்ள மெஷினும் ஊற்றும் தண்ணீரும் ஒரு இடத்தில் சேரக்கூடாது. பேட்டரி டிரில் இருந்தால் அதை எடுங்கள். குழந்தைகள் மண் அள்ளுவது போலத் தண்ணீரை இறைக்க வேண்டாம், நனைந்த ஸ்பாஞ்சைத் துளைக்குக் கீழே ஒட்டிப் பிடித்து, அவ்வப்போது பிட்டை வெளியே எடுத்து அதில் தொட்டாலே போதும். வெளியே வருவது பால் போன்ற குழம்பாக இருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது. காய்ந்த பொடியாக வந்தாலோ, கீச்சென்று சத்தம் வந்தாலோ, துளையின் ஓரம் பழுப்பானாலோ நிறுத்தி ஆற விடுங்கள்.

டைல் முடியப் போவதைக் கையே சொல்லும். சத்தம் தாழும், பிட் கொஞ்சம் நழுவுவது போலப் போகும். அந்த இடத்தில் அழுத்தத்தை இன்னும் குறைக்க வேண்டும். கடைசி ஒரு மி.மீ.யில் தள்ளினால் டைலின் பின்பக்கம் சில்லாகப் பெயரும், அந்த உடைப்பு முன்பக்கம் வரை ஓடலாம். தாண்டியதும் பிட்டுக்குள் ஒரு சின்ன வட்டத் துண்டு மாட்டியிருக்கும். பக்கத் துளை வழியாகக் கம்பியால் தள்ளி எடுத்துவிடுங்கள். அடுத்த துளைக்கு முன் இதை மறந்தால் பிட் ஆழம் போகாது.

ஈட்டி முனை பிட் என்றால் சாய்க்கத் தேவையில்லை. குறியின் மேல் முனையை வைத்து, மெஷினைப் போடாமல் கையாலேயே சில தடவை திருகுங்கள். மேல்பூச்சில் ஒரு சின்னப் புள்ளி பெயர்ந்துவிடும், அதிலிருந்து நேராகத் தொடங்கலாம். ஆணியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி போடுவதை நான் செய்யமாட்டேன். பத்தில் ஒன்பது முறை ஒன்றும் ஆகாது, பத்தாவது முறை நட்சத்திர விரிசல்.

டைலைக் கடந்ததும் 8 மி.மீ. மேசன்ரி பிட்டுக்கு மாறுங்கள். அதில் 85 மி.மீ. தூரத்தில் ஒரு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். பூச்சு முடியும் வரை ஹாமர் இல்லாமலே போகலாம். செங்கலிலும் பெரும்பாலும் ஹாமர் தேவைப்படாது, தேவைப்பட்டால் அப்போது போடுங்கள். கான்கிரீட்டுக்குக் கட்டாயம் போட வேண்டும். பிட் டைலைத் தொடாமல் துளையின் நடுவில் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

அடுத்தது தூள். ஒரு மெல்லிய குழாயால் ஊதியோ, வேக்யூம் கிளீனர் வாயை ஒட்டிப் பிடித்தோ துளையைக் காலி செய்யுங்கள். ஊதும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். தூளோடு திணித்த பிளக் செங்கலைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும்.

பிளக்கின் தலையில் விளிம்பு இருந்தால் கத்தியால் சீவி எறிந்துவிடுங்கள், இல்லையென்றால் அது டைலின் வாயிலேயே நின்றுவிடும். பிளக்கைத் துளைக்குள் விட்டு, பழைய பிட் ஒன்றின் பின்பக்கத்தை அதன் மேல் வைத்து மெல்லத் தட்டி, டைலைத் தாண்டி உள்ளே இறக்குங்கள். பிறகு தட்டை வைத்து ஸ்க்ரூவை ஸ்க்ரூ டிரைவரால் கையாலேயே இறுக்குங்கள். மெஷினால் இறுக்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. தட்டு ஆடாமல் நின்றதும் இன்னொரு கால் சுற்று, அதோடு போதும்.

டைலை விட்டுவிட்டு இரண்டு டைலுக்கு நடுவில் உள்ள கிரவுட்டில் துளை போட்டால் பாதுகாப்புதானே?

கிரவுட் கோடு பிட்டை விட அகலமாக இருந்தால் மட்டும். பல வீடுகளில் அது 2 அல்லது 3 மி.மீ.தான். 8 மி.மீ. பிட் அதில் இறங்கும்போது இரண்டு பக்கத்து டைலின் ஓரத்தையும் கடிக்கும். டைல் மிக எளிதாகச் சில்லு விடும் இடமே அந்த ஓரம்தான். ஒரு டைலை உடைக்காமல் இருக்கப் போய் இரண்டை உடைப்பதில் என்ன லாபம்? டைலின் நடுப்பகுதியில் போடுங்கள்.

துளை போடும்போது உள்ளே குழாயோ வயரோ மாட்டினால்?

அதனால்தான் எங்கே போடக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பதித்த குழாய்களும் வயர்களும் பெரும்பாலும் நேர் மேலாகவோ நேர் கீழாகவோ, இல்லை பக்கவாட்டிலோ போகும். குழாய், ஷவர், வாட்டர் ஹீட்டர், சுவிட்ச் ஆகியவற்றிலிருந்து நேர் மேலேயும் கீழேயும் வரும் பட்டையைத் தவிர்த்துவிடுங்கள், ஒரே மட்டத்தில் உள்ள இரண்டு குழாய்களுக்கு நடுவேயும் வேண்டாம். சுவரின் மறுபக்கத்தையும் பாருங்கள். அங்கே சமையலறைக் குழாய் இருக்கலாம். டைல் ஒட்டுவதற்கு முன் எடுத்த போட்டோ கைவசம் இருந்தால் அதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

அந்தச் சுவரில் போகும் மின்சாரத்தை அணைத்துவிட்டு பேட்டரி டிரில்லால் வேலை செய்யுங்கள். உள்ளே போகும் பிட் திடீரென்று பிளாஸ்டிக் சுருள் வெளியே தள்ளினாலோ, உலோகத்தில் உரசுவது போலச் சத்தம் வந்தாலோ அதோடு நிறுத்துங்கள். தண்ணீர் பீறிட்டால் முதலில் வால்வை மூடுங்கள்.

பழைய துளை பெரிதாகிவிட்டது. தீக்குச்சி, மரச் சிம்பு ஏதாவது வைத்து இறுக்கிவிடலாமா?

ஒரு வாரத்துக்கு நிற்கும். அப்புறம் மரம் ஈரத்தில் ஊறிப் பெருக்கும், காய்ந்து சுருங்கும். பெருக்கும்போது டைலைத் தள்ளும், சுருங்கும்போது ஸ்க்ரூவை விடும். இரண்டுமே நமக்கு ஆகாது.

பெரும்பாலான பழைய துளைகளை இடம் மாற்றாமலே காப்பாற்றிவிடலாம், ஏனென்றால் கெட்டுப்போனது பூச்சுதான், அதற்குப் பின்னாலிருக்கும் செங்கலை இன்னும் யாரும் தொடவில்லை. அதே துளை வழியாக மேசன்ரி பிட்டை விட்டு ஆழமாக்கி, மேலே சொன்ன நீளமான பிளக்கைப் போடுங்கள்.

டைலில் உள்ள துளை 6 மி.மீ. ஆக இருந்து அதை 10 ஆக்க வேண்டுமென்றால் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே துளை இருப்பதால் பெரிய பிட்டுக்கு நடுப்பிடி கிடைக்காது, ஆடி விளிம்பைச் சில்லாக்கிவிடும். மேலே சொன்ன துளை போட்ட பலகைத் துண்டு இங்கே நன்றாகக் கைகொடுக்கும். ஈட்டி முனை பிட் என்றால், பழைய துளையில் ஒரு உருண்டை மரக்குச்சியை அடித்து, டைலின் முகத்தோடு சமமாக வெட்டிவிட்டு, அதன் நடுவில் முனையை வையுங்கள்.

செங்கலே உதிர்ந்து உள்ளே குகை மாதிரி ஆகிவிட்டால் பிளக் வேலைக்கு ஆகாது. அதற்கு இரண்டு பாகங்களைக் கலந்து இறுகும் கெமிக்கல் ஆங்கர் பசை உண்டு. துளையைத் தூளில்லாமல் சுத்தம் செய்து, பசையை அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வந்து, மரை போட்ட கம்பியை அதில் நிறுத்தி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை தொடாமல் விட வேண்டும். இது விரிந்து பிடிப்பதில்லை, ஒட்டிப் பிடிக்கிறது. அதனால் டைலுக்கும் அழுத்தம் வராது.

துளையே வேண்டாம், ஒட்டும் கொக்கி போதும் என்று பார்த்தால் அதுவும் விழுகிறது.

விழுந்த கொக்கியின் முதுகைப் பாருங்கள். பசை கொக்கியோடு வந்து டைல் சுத்தமாக இருந்தால், டைலின் மேல் கண்ணுக்குத் தெரியாத சோப்புப் படலம் இருந்திருக்கிறது. பசை டைலைப் பிடிக்கவில்லை, சோப்பைத்தான் பிடித்தது. தண்ணீரால் துடைத்தால் போகாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுதாகக் காயவிட்டு ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு 24 மணி நேரம் எதையும் மாட்டாதீர்கள், ஷவரும் வேண்டாம். அவசரப்பட்டு அன்றைக்கே துண்டைத் தொங்கவிடுவதில்தான் பாதிக் கொக்கிகள் விழுகின்றன.

சொரசொரப்பான டைலில் பசை மேடுகளை மட்டுமே தொடும், அங்கே ஒட்டும் கொக்கிக்கு எதிர்காலம் இல்லை. ரப்பர் சக்ஷன் கொக்கிக்கு இன்னும் கண்டிப்பு அதிகம். பளபளப்பான டைல் வேண்டும், கிரவுட் கோட்டின் மேல் ஒரு நூல் பட்டாலும் காற்று புகுந்து விழுந்துவிடும்.

முகத் துண்டு, பிரஷ், லூஃபா மாதிரி லேசானவற்றுக்கு ஒட்டும் கொக்கி நல்லதுதான். பெரிய ஈரத் துண்டுகள் தொங்கும் ராடுக்கு நான் அதை நம்பமாட்டேன்.

துளைக்குள் தண்ணீர் போய்ச் சுவர் ஓதம் ஆகாதா?

ஷவர் தெறிக்கும் இடம் என்றால் ஆகும். ஸ்க்ரூ போடுவதற்குச் சற்று முன் டைலின் துளைக்குள் சிலிகானை நிரப்புங்கள். பிளக் உள்ளே இறங்கியதால் டைலுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே உண்டான இடைவெளியையும் அது அடைத்துவிடும். ரப்பர் மாதிரி இருப்பதால் டைலையும் அழுத்தாது. வினிகர் வாடை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கக்கூடும், அதனால் நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். தட்டைச் சுற்றியும் பூசலாம், ஆனால் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி விடுங்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி வேண்டும்.

எவ்வளவோ கவனித்தும் ஒரு மயிரிழை விரிசல் விழுந்துவிட்டது. இப்போது?

தட்டுக்கு அடியிலேயே மறைந்துவிடும் அளவு என்றால் சிலிகானால் மூடிவிட்டு மாட்டுங்கள். பிடிப்பு செங்கலில் இருப்பதால் ராடின் பலம் குறையாது. விரிசல் தட்டைத் தாண்டி ஓடியிருந்தால், அதன் மேல் எதையும் இறுக்க வேண்டாம்; நாளடைவில் நீளும். எபாக்ஸியை அந்தக் கோட்டில் தேய்த்து இறக்கி, மிஞ்சியதைப் பிளேடால் வழித்தால் தண்ணீர் புகாது, ஆனால் கோடு தெரியும். டைல் மாற்றுவதுதான் முழுத் தீர்வு.

எங்கள் சுவர் செங்கல் இல்லை. ஜிப்சம் போர்டின் மேல் டைல் ஒட்டியிருக்கிறார்கள். அப்போதும் இதே முறைதானா?

டைலைத் துளைப்பது அதே முறை. மாட்டுவது வேறு. போர்டுக்குப் பின்னால் பொந்துதான் இருக்கும், சாதாரண பிளக்குக்கு விரிந்து பிடிக்க ஒன்றும் கிடையாது. போர்டுக்குப் பின்னால் போய் இறக்கை போல விரியும் டாகிள் போல்ட் வேண்டும். முடிந்தால் உள்ளே உள்ள சட்டத்தைக் கண்டுபிடித்து அதிலேயே ஸ்க்ரூவை ஏற்றுவது இன்னும் நல்லது. நுரை போன்ற காற்றடைத்த கான்கிரீட் பிளாக் என்றால் அதற்கென்றே உள்ள பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஹாமர் மோடைத் தொடவே கூடாது, துளை பொடியாகிவிடும்.

வீட்டில் வயதானவர்கள் எழுந்திருக்கும்போது இந்த ராடைப் பிடித்துக்கொள்கிறார்கள். தாங்குமா?

தாங்காது. செங்கலில் 42 மி.மீ. பிடித்திருந்தாலும் நம்ப வேண்டாம். டவல் ராடின் குழாயும் தாங்கியும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, சுவர் விடாவிட்டாலும் ராடு வளையும், அல்லது அந்தப் பொடி ஸ்க்ரூ நழுவி ராடு கையோடு வந்துவிடும். கிராப் பார் என்று தனியாக விற்பார்கள்; கனமான குழாய், ஒவ்வொரு முனையிலும் பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ. அதை அவர்கள் கை நீட்டும் இடத்திலேயே மாட்டிவிட்டு, டவல் ராடைக் கைக்கு எட்டாத பக்கம் தள்ளி வையுங்கள்.